பழைய டாப் லோடரில் ரப்பர் கருகும் வாடை: பெல்ட்டா, கப்ளிங்கா என்று கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய டாப் லோடர் சலவை இயந்திரம் துணியை அலசி முடித்துப் பிழியத் தொடங்கும் வேளையில் ரப்பர் கருகும் வாடை வந்தால், மோட்டார் எரிந்துவிட்டதோ என்ற அச்சம்தான் முதலில் எழுகிறது. பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மோட்டாரின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குக் கொண்டு சேர்க்கும் பெல்ட் அல்லது கப்ளிங் தேய்ந்து வழுக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் இங்கே இன்னொரு பிழையும் வழக்கமாக நேர்கிறது. பழைய பெல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் வேலை முடிந்தது என்று இயந்திரத்தை மூடிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே வாடை திரும்பி வருகிறது. வழுக்கல் பல நேரங்களில் விளைவு மட்டுமே. அதற்குக் காரணமான இறுக்கம், பிரேக் பிடிப்பு, எண்ணெய்க் கசிவு போன்ற ஏதோ ஒன்று உள்ளே அப்படியே இருந்தால், எத்தனை புதிய பெல்ட் மாட்டினாலும் அது கருகத்தான் செய்யும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாகத்தை மாற்றும் முறைக்குத் தரும் அதே கவனத்தை, அந்தப் பாகம் ஏன் தேய்ந்தது என்று படித்தறியும் முறைக்கும் தந்திருக்கிறேன்.

உங்கள் இயந்திரம் எந்த வகை என்று அறிதல்

பழைய டாப் லோடர்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒரு வகையில் மோட்டார் ஓரமாக நிற்கும்; அதன் தண்டில் உள்ள சிறிய புல்லியிலிருந்து, டப்பின் நடுவில் கியர் பாக்ஸின் கீழே உள்ள பெரிய புல்லிக்கு ஒரு வி-பெல்ட் ஓடும். அடியில் பல்சேட்டர் எனும் சுழல்தட்டு உள்ள முழுத் தானியங்கி இயந்திரங்கள் பலவும், நடுவில் துணியை ஆட்டும் உயரமான தூணான அஜிடேட்டர் உள்ள பழைய இயந்திரங்கள் சிலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வகையில் பெல்ட்டே கிடையாது. மோட்டாரின் தண்டும் கியர் பாக்ஸின் தண்டும் நேருக்கு நேர் நிற்க, இடையில் ஒரு கப்ளிங் அவற்றை இணைக்கும். இதை டைரக்ட் டிரைவ் என்பார்கள். வேர்ல்பூல் நிறுவனத்தின் பழைய அஜிடேட்டர் இயந்திரங்கள் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தைச் சற்றே பின்புறம் சாய்த்து ஒரு டார்ச் விளக்கால் அடியில் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பெரிய புல்லியும் பெல்ட்டும் கண்ணில் பட்டால் முதல் வகை. கியர் பாக்ஸோடு ஒட்டியபடி மோட்டார் இருந்து, மோட்டாரின் மறுமுனையில் தண்ணீர் பம்ப் பொருத்தப்பட்டிருந்தால் இரண்டாம் வகை.

திறப்பதற்கு முன் ஓடவிட்டுக் கவனித்தல்

இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுக் கவனிப்பது பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். வாடை கடுமையாக இருந்தாலோ, புகை வந்தாலோ, ஃப்யூஸ் போனாலோ, டிரிப்பர் விழுந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேரடியாகப் பிரித்துப் பார்ப்பதே முறை.

முதலில் வாடையைப் பிரித்தறிய வேண்டும். பெல்ட் வழுக்கும்போது வருவது டயர் தரையில் உரசினாற்போன்ற ரப்பர் வாடை. அது பிழியத் தொடங்கிய முதல் நிமிடத்தில் மிகுந்து, டிரம் வேகமெடுத்ததும் குறையும். மோட்டாரின் கம்பிச்சுருள் சூடாகும்போது வருவது வேறு வகை: வார்னிஷும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த, மூக்கைக் குத்தும் நெடி. அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் நிற்கும். இந்த இரண்டாவது நெடி வந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மோட்டாரையும் கெபாசிட்டரையும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது ஓசை. பெல்ட் வழுக்கினால், பிழிதல் தொடங்கும் நொடியில் கிறீச்சென்ற நீண்ட ஓசை எழும். பெல்ட்டின் ஓரிடம் மட்டும் கருகிக் குழிந்திருந்தால், அந்த இடம் புல்லியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய தட்டல் கேட்கும். கப்ளிங் கொண்ட இயந்திரத்தில் ஓசை முற்றிலும் வேறு. கப்ளிங்கின் பற்கள் பாதி தேய்ந்த நிலையில், உடைந்த பிளாஸ்டிக் ஒன்றோடொன்று மோதும் கரகரப்பு வரும். முழுவதும் உடைந்துவிட்டால் மோட்டார் எந்தச் சுமையும் இல்லாமல் சீராக இரையும். அஜிடேட்டரும் அசையாது, டிரம்மும் சுற்றாது.

கப்ளிங்கைப் பொறுத்தவரை ஒரு தெளிவான அடையாளம் உண்டு. பம்ப் மோட்டாரின் மறுமுனையில் இருப்பதால், கப்ளிங் உடைந்தாலும் தண்ணீர் வழக்கம்போல் வெளியேறும். ஆகவே, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வெளியேறுகிறது, ஆனால் அலசலும் இல்லை, பிழிதலும் இல்லை என்றால், சந்தேகம் கப்ளிங்மேல்தான் விழ வேண்டும். அலசல் நடந்து பிழிதல் மட்டும் நடக்கவில்லை என்றால் அது கப்ளிங்கின் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் இரண்டு வேலைக்கும் விசை அதன் வழியாகவே செல்கிறது. அப்போது மூடியின் சுவிட்சையும் கிளட்ச்சையும்தான் பார்க்க வேண்டும். இரண்டு துண்டாக உள்ள அஜிடேட்டரில் அடிப்பகுதி ஆடி, மேற்பகுதி மட்டும் சுற்றாமல் நின்றால், கோளாறு அஜிடேட்டருக்குள் உள்ள சிறிய பற்களில் இருக்கிறது. அதற்காக மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை.

பெல்ட் வகையிலும் விசை ஒரே பாதையில்தான் செல்கிறது. ஆனாலும் தேய்ந்த பெல்ட் அலசலில் ஒழுங்காக இழுத்து, பிழிதலில் மட்டும் வழுக்கும். அலசும்போது சுழல்தட்டு மட்டுமே அசைகிறது. பிழியும்போதோ ஈரத்துணி முழுவதோடும் டிரம்மை நின்ற நிலையிலிருந்து வேகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடிகளில் பெல்ட்டின்மேல் விழும் இழுவிசைதான் ஒரு சலவையிலேயே மிகப் பெரியது. அதனால்தான் பெல்ட் தளரத் தொடங்கியதன் முதல் அறிகுறி, வாடைக்கும் முன்பாக, துணி வழக்கத்தைவிட ஈரமாக வெளிவருவதுதான்.

பிரிப்பதற்கான ஆயத்தம்

பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. குழாய்களை அடைத்து, தண்ணீர் வரும் ஹோஸ்களைக் கழற்றி, வடிகுழாயைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி மிச்சத் தண்ணீரை ஒரு வாளியில் வடித்துவிடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்கும்போது இன்னொருவர் துணைக்கு இருக்க வேண்டும். டப் ஊசலாடும் கம்பிகளில் தொங்குவதால், சாய்த்ததும் அது ஒரு பக்கமாகச் சரிந்து எடையைத் திடீரென்று மாற்றும். கட்டுப்பாட்டுப் பலகை அழுந்தாத பக்கமாக, தரையில் ஒரு தடித்த போர்வையை விரித்து அதன்மேல் சாயுங்கள். அடிப்பகுதித் தகட்டின் விளிம்புகள் கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூராக இருக்கும். ஆதலால் கையுறை அவசியம்.

மோட்டாருக்குக் கெபாசிட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதன் இரு முனைகளையும், காப்பிட்ட பிடியில் பிடித்த 20,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் சில விநாடிகள் இணைத்து வடித்துவிட்ட பிறகே அருகில் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நேரடியாகக் குறுக்கே வைத்துப் பொறி தெறிக்கவிடும் பழக்கம் கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

எதையும் தொடுவதற்கு முன் பெல்ட், ஒயர்கள், கம்பிகள் ஆகியவற்றின் இருப்பிடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெல்ட்டைப் படித்தல்

கழற்றிய பெல்ட்டை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். எது தவறாகப் போனது என்பதற்கான சான்று முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வி-பெல்ட் தன் இரு பக்கச் சுவர்களால்தான் புல்லியைப் பற்றுகிறது. அடிப்பாகம் புல்லியின் பள்ளத்தைத் தொடவே கூடாது. நல்ல பெல்ட்டின் பக்கச் சுவர் மங்கலாகவும் விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். அது கண்ணாடிபோல் பளபளத்தால், பெல்ட் பலமுறை வழுக்கிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பளபளப்பு ஏறிய ரப்பர் இறுகிப்போனது; அதன் பற்றும் திறன் திரும்ப வராது. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் மாட்டினால் சில சலவைகளுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

பெல்ட்டின் அடிப்பாகமும் பளபளத்தால், அல்லது புல்லியின் பள்ளத்தின் அடியில் புதிய வெள்ளித் தடம் தெரிந்தால், பெல்ட் பக்கச் சுவர் தேய்ந்து கீழே இறங்கி ஓடியிருக்கிறது, அல்லது முன்பே தவறான அகலத்தில் பெல்ட் மாட்டப்பட்டிருக்கிறது. சலவை இயந்திரங்களில் மிகுதியாகக் காணப்படும் எம் வகைப் பெல்ட்டின் மேல் அகலம் சுமார் 10 மி.மீ.; ஏ வகையின் மேல் அகலம் சுமார் 13 மி.மீ. ஏ வகைக்கான பள்ளத்தில் எம் வகையை மாட்டினால் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆகவே நீளத்தை மட்டும் அளந்து பெல்ட் வாங்காமல், பெல்ட்டில் அச்சிட்டுள்ள எழுத்தும் எண்ணும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சுற்றளவு முழுவதும் நன்றாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் அரை விரல் நீளத்துக்குக் கருகிக் குழிந்திருந்தால், அது மிக முக்கியமான செய்தி. ஒரு கட்டத்தில் பெரிய புல்லி நகர மறுத்து நின்றிருக்கிறது. மோட்டாரின் சிறிய புல்லி மட்டும் பெல்ட்டின் ஒரே இடத்தை உரசியபடி சுற்றியிருக்கிறது. சிறிய புல்லியை பெல்ட் அரைச் சுற்றுக்கும் குறைவாகவே தழுவியிருப்பதால் வழுக்கலும் கருகலும் எப்போதும் அங்கேதான் தொடங்கும். இத்தகைய பெல்ட்டைக் கண்டால், புதியதை மாட்டுவதற்கு முன் பெரிய புல்லி ஏன் நின்றது என்று கண்டறிந்தே ஆக வேண்டும்.

பெல்ட் ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் மேலே பாருங்கள். சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடமோ துருப் பழுப்போ டப்பின் நடுவிலிருந்து இறங்கியிருந்தால், ஆயில் சீல் போய்த் தண்ணீர் பேரிங் வழியாகக் கசிகிறது. கரும் எண்ணெய்த் தடமாக இருந்தால் கியர் பாக்ஸின் எண்ணெய் கசிகிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

காரணத்தைத் தேடுதல்: ஓர் இயந்திரத்தின் கதை

பல்சேட்டர் வகை இயந்திரம் ஒன்றில் பிழியும்போது ரப்பர் வாடை வந்தது, பெல்ட் மாற்றப்பட்டது, சில வாரங்களில் வாடை திரும்பியது. இரண்டாம் முறை திறந்தபோது, அதிகம் ஓடாத அந்தப் புதிய பெல்ட்டின் பக்கச் சுவர்கள் ஏற்கெனவே பளபளத்திருந்தன. அடித்தட்டில் மோட்டார் புல்லியைச் சுற்றி மட்டும் கரும்பொடி வட்டமாகப் படிந்திருந்தது. பெல்ட்டின் வகையும் நீளமும் சரியாகவே இருந்தன. இழுவையிலும் குறை இல்லை. அப்படியானால் பெரிய புல்லியின் பக்கம் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது என்ற முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய புல்லியைக் கையால் சுற்றியபோது, சுழல்தட்டு தடையின்றிச் சுற்றியது. கரகரப்பில்லை, தள்ளாட்டமில்லை. கியர் பாக்ஸும் பேரிங்கும் நலமாக இருக்கின்றன என்று இதிலிருந்து தெரிந்தது. அலசலின்போது வாடை வராததற்கும் இது பொருந்தி வந்தது.

இந்த வகை இயந்திரங்களில், வடிகால் வால்வைத் திறக்கும் அதே மோட்டார் ஒரு நெம்புகோலையும் இழுக்கும். அந்த நெம்புகோல் துணியோடு சுழலும் உள் டப்பைப் பிடித்திருக்கும் பிரேக் பட்டையை விடுவித்து, கிளட்ச்சை இணைக்கும். ஆகவே அடுத்ததாக அந்த நெம்புகோலை ஒருவர் கையால் முழுவதும் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் டப்பைப் பிழியும் திசையில் சுற்றிப் பார்த்தார். டப் தளர்வாகச் சுற்ற வேண்டும். ஆனால் அது இறுகி, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தயங்கி, உரசும் ஓசையோடு நகர்ந்தது. பிரேக் முழுமையாக விடவில்லை. நெம்புகோலின் அச்சைச் சுற்றிக் காய்ந்த சோப்பும் துருவும் கெட்டிப்பட்டு, அது தன் நகர்வின் கடைசிப் பகுதியை எட்டாமலே நின்றிருந்தது. மோட்டார் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்த டப்பை இழுக்க முயன்றது. அந்தப் போராட்டத்தில் பலியானது பெல்ட்.

நெம்புகோலைக் கழற்றி, அச்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை முழுவதும் நீக்கி, பிரேக் பட்டையில் படாதவாறு அச்சில் மட்டும் துளி அளவு கிரீஸ் இட்டதும் டப் விரலால் தள்ளினாலே சுற்றியது. அதன் பிறகே மூன்றாவது பெல்ட் மாட்டப்பட்டது. இரண்டாவது பெல்ட்டைக் குறைசொல்ல எதுவும் இல்லை. இந்தக் கைச்சோதனையை முதல் தடவையே செய்திருந்தால் அது பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

உங்கள் இயந்திரத்திலும் இதே வரிசையில் போகலாம். பெல்ட் இல்லாமல் பெரிய புல்லியைச் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் அல்லது கியர் பாக்ஸ். பிரேக்கை விடுவித்து டப்பைச் சுற்றுங்கள். இறுகினால் பிரேக் அல்லது டப் பேரிங், அல்லது இரு டப்புகளுக்கும் இடையில் சிக்கிய ஒரு காலுறை. பின்பு மோட்டாரின் தண்டைச் சுற்றுங்கள். அதுவும் ஓசையின்றிச் சுற்ற வேண்டும். தண்டு நன்றாகச் சுற்றியும், மின்சாரம் தரும்போது மோட்டார் இரைந்துகொண்டு கிளம்பத் தயங்கினால், கெபாசிட்டர் வலுவிழந்திருக்கக்கூடும். அதற்கும் பெல்ட்டுக்கும் தொடர்பில்லை.

புதிய பெல்ட் மாட்டுதல்

புல்லிகளின் பள்ளங்களை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். கருகிய ரப்பர் ஒட்டியிருந்தால் முழுவதும் நீங்கும்வரை தேய்க்க வேண்டும். ஒரு நேரான இரும்பு ஸ்கேலை இரு புல்லிகளின் முகத்திலும் குறுக்கே வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சிறிய புல்லியின் திருகு தளர்ந்து, புல்லி தண்டில் இறங்கியிருந்தால் பெல்ட் சாய்ந்து ஓடி ஒரு பக்கச் சுவர் மட்டும் தேயும்.

மோட்டாரை நகர்த்தும் நீள்துளை உள்ள இயந்திரமானால், போல்ட்டுகளைத் தளர்த்தி மோட்டாரை உள்ளே தள்ளி, பெல்ட்டைத் தளர்வாக மாட்டிவிட்டு இழுங்கள். நகர்த்த வழியில்லாத இயந்திரமானால், பெல்ட்டை முதலில் சிறிய புல்லியில் முழுவதும் உட்காரவைத்து, பெரிய புல்லியின் ஒரு விளிம்பில் ஏற்றி, புல்லியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே மீதியை ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. பெல்ட்டுக்குள் இழுவையைத் தாங்கும் நூல்கள் இருக்கின்றன. நெம்பும்போது அவற்றில் சில அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, பெல்ட் சில நாளில் நீண்டுவிடும்.

இழுவை அளவைச் சரிபார்க்க, இரு புல்லிகளுக்கும் இடையில் பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் மிதமாக அழுத்துங்கள். உங்கள் மாதிரிக்கான சர்வீஸ் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை அமுங்குவது ஏற்கத்தக்கது. அதைவிடத் தளர்ந்தால் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் வாடை வராது, ஆனால் மோட்டாரின் பேரிங்கும் கியர் பாக்ஸின் தண்டும் ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும். அந்தச் சேதம் பெல்ட்டைவிடப் பன்மடங்கு பெரியது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய இயந்திரங்களில் மோட்டார் ஸ்பிரிங்கின் இழுப்பில் சறுக்குத் தட்டின்மேல் நகரும்படி அமைக்கப்பட்டு, பிழிதல் தொடங்கும்போது பெல்ட் சற்று வழுக்கி டிரம்மை மெல்ல வேகமெடுக்கச் செய்யும்படியே வடிவமைத்திருப்பார்கள். அங்கே இழுவையை நாம் கூட்டக் கூடாது. மோட்டார் தட்டு தடையின்றி நகர்கிறதா, ஸ்பிரிங் தளராமல் இருக்கிறதா என்பவற்றை மட்டும் பார்த்து, அந்த மாதிரிக்கென்றே செய்த பெல்ட்டையே மாட்ட வேண்டும். வண்டிகளுக்கான பெல்ட் அளவில் பொருந்தினாலும், அதன் பற்று மிகுதியாதலால் மோட்டாரின்மேல் சுமை கூடும்.

வழுக்கலை நிறுத்த பெல்ட்டில் பவுடரோ, பசையோ, ஸ்ப்ரேயோ இடுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். கிறீச் ஓசை ஒரு வாரம் அடங்கும். காரணமும் அதனோடு மறைந்துபோகும்.

கப்ளிங் மாற்றுதல்

டைரக்ட் டிரைவ் இயந்திரத்தின் கப்ளிங் மூன்று துண்டுகளால் ஆனது. மோட்டார் தண்டில் மூன்று பற்கள் கொண்ட பிளாஸ்டிக் துண்டு ஒன்று, கியர் பாக்ஸ் தண்டில் அதேபோல் மற்றொன்று, இரண்டுக்கும் நடுவில் ஆறு துளைகள் உள்ள ஒரு ரப்பர் வட்டு. இரு பக்கப் பற்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக அந்தத் துளைகளில் அமரும். திடீர் அதிர்ச்சியை ரப்பர் உள்வாங்குகிறது; சுமை மிகுந்தால் கியர் பாக்ஸ் உடைவதற்கு முன் பிளாஸ்டிக் உடைகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடியபின் ரப்பர் இறுகித் துளைகள் நீள்வட்டமாகத் தேயும். பற்கள் தளர்ந்து ஆடும். உரசும் சூட்டில் கருகும் வாடை வரும். இயந்திரத்தின் அடியில், மோட்டாருக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் துகளும் கரிய ரப்பர்ப் பொடியும் சிதறிக் கிடந்தால் பிரிப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிடும்.

கட்டுப்பாட்டுப் பலகையின் இரு முனைத் திருகுகளையும் கழற்றிப் பலகையைப் பின்னோக்கி மடக்கினால், மூடி சுவிட்சின் ஒயர் இணைப்பும், வெளிக்கூட்டைப் பின்தகட்டோடு பிடித்திருக்கும் இரு உலோகக் கிளிப்புகளும் தெரியும். இணைப்பைப் பிரித்து, கிளிப்புகளைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, மூடியைத் திறந்து கூட்டை முன்பக்கம் சாய்த்தால் முழுக் கூடும் வெளியே வந்துவிடும். இப்போது மோட்டார் எதிரில் இருக்கும். அதன் முன்பக்கமுள்ள பம்ப்பை இரு கிளிப்புகள் பிடித்திருக்கும். அவற்றை விடுவித்து, ஹோஸ்களைக் கழற்றாமலேயே பம்ப்பைத் தண்டிலிருந்து இழுத்து ஓரமாக வைக்கலாம்.

மோட்டாரின் ஒயர் இணைப்பைப் பிரியுங்கள். மோட்டாரை இரு ஸ்பிரிங் கிளிப்புகள் தாங்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. மேல் கிளிப்பை இறுதியாக எடுக்கும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அது தோற்றத்தைவிடக் கனமானது. கைதவறினால் தண்டு வளையும் அல்லது விரல் நசுங்கும்.

மோட்டாரை எடுத்ததும், பற்கள் உடைந்த துண்டுகள் இரு தண்டிலும் இறுகி நிற்கும். அவற்றை இருபுறமும் மாறி மாறி நெம்பி எடுங்கள். அதன்பின் பலரும் தவிர்த்துவிடும் ஒரு சோதனை: கியர் பாக்ஸின் தண்டைக் கையால் இரு திசையிலும் சுற்றிப் பாருங்கள். மிதமான தடையோடு அது சுற்ற வேண்டும். பூட்டியதுபோல் நின்றால் உடைந்தது கப்ளிங் மட்டும் அன்று. கியர் பாக்ஸே இறுகிவிட்டது. புதிய கப்ளிங் முதல் சலவையிலேயே மீண்டும் உடையும். தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் அது புதிய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் நைந்திருந்தால் மோட்டார் சற்றுத் தாழ்ந்து, இரு தண்டுகளும் நேர்கோட்டில் நிற்காமல் கப்ளிங் விரைவில் தேயும். அவற்றையும் இப்போதே மாற்றுவது நல்லது.

புதிய துண்டை ஏற்றும்போது தண்டின் தட்டைப் பக்கமும் துளையின் தட்டைப் பக்கமும் பொருந்த வேண்டும். அதன் நடுப்பகுதி அளவுக்கு ஒரு சாக்கெட்டை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நேராக இறங்கும். பற்களின்மேல் நேரடியாகத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தண்டின் முனை துண்டின் முகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறக்கினால் பற்கள் ரப்பரை முழுவதும் பற்றாது. குறைவாக இறக்கினால் மோட்டார் தன் இடத்தில் உட்காராது. ரப்பர் வட்டை ஒரு பக்கத்தில் மாட்டி, மறுபக்கப் பற்கள் எஞ்சிய துளைகளுக்கு நேராக வரும்படி தண்டைச் சுற்றிவைத்து, மோட்டாரைத் தூக்கிப் பொருத்துங்கள். வலிந்து அழுத்த வேண்டியிருந்தால் பற்கள் துளையில் அமரவில்லை என்று பொருள். எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். நடுவில் உலோகப் புழை கொண்ட கப்ளிங் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முழுப் பிளாஸ்டிக்கைவிட அது தண்டில் வழுக்காமல் நிற்கும்.

ஓட்டிப் பார்த்தல்

கூட்டைப் பொருத்தி, மூடி சுவிட்சின் இணைப்பை மறக்காமல் மாட்டி, இயந்திரம் நான்கு காலிலும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். முதலில் துணியில்லாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி அலசலும் பிழிதலும் ஒருமுறை நடக்கட்டும். அடுத்து, நனைந்த துண்டுகளைப் பாதிக் கொள்ளளவுக்குப் பரவலாகப் போட்டுப் பிழியவிடுங்கள். புதிய ரப்பரின் மெல்லிய வாடை முதல் சில தடவை வரலாம். கிறீச் ஓசையோ, டிரம் வேகமெடுக்கத் தயங்குவதோ, அடித்தட்டில் புதிய கரும்பொடியோ இருக்கக் கூடாது. பிழிதல் முடிந்து பிளக்கைப் பிடுங்கியவுடன் சிறிய புல்லியின் அருகே கையைக் கொண்டுபோனால், இளஞ்சூடுதான் தெரிய வேண்டும். தொட முடியாத சூடு இருந்தால் பெல்ட் இன்னும் வழுக்குகிறது.

புதிய வி-பெல்ட் தொடக்கத்தில் பள்ளத்தில் படிந்து சற்றே நீளும். ஆகவே நீள்துளையால் இழுவை வைக்கும் இயந்திரமானால், பத்துப் பதினைந்து சலவைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சாய்த்து, கட்டைவிரல் சோதனையைச் செய்து, தேவையானால் மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி இழுத்து இறுக்கிவிடுங்கள்.